யூனிட்டுக்குப் பத்து ரூபாய்: சப் மீட்டர் வீட்டில் குடியிருப்பவர் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

கடலூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், தண்ணீர் உப்பா நல்லதா என்று எல்லாம் கேட்டு முடித்து, கிளம்பும் நேரத்தில்தான் அந்த வாக்கியம் வரும். "கரண்ட் தனி. சப் மீட்டர் இருக்கு, யூனிட்டுக்குப் பத்து ரூபா." ஊருக்குப் புதிது, வீடு கிடைத்ததே பெரிது என்ற நிலையில் யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. கூத்தப்பாக்கத்தில் மாடி வீட்டில் குடியிருந்தபோது நானும் பேசவில்லை. பதினான்கு மாதம் பத்து ரூபாய் வீதம் கட்டினேன். ஒருநாள் வீட்டுக்காரரின் ஈபி பில் கண்ணில் பட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அந்தக் கட்டடம் முழுவதற்கும் வந்த பில்லைவிட, மாடியில் குடியிருந்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்து கட்டிய தொகை அதிகம் என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்த மீட்டர் யாருடையது

மின்வாரியம் வைத்த மீட்டர் கட்டடத்துக்கு ஒன்றுதான் இருக்கும். வாரியத்துக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரீடிங் எடுப்பது அதைத்தான். அந்த இணைப்புக்கு ஒரு சர்வீஸ் நம்பர் உண்டு. உங்கள் போர்ஷனுக்கு வெளியே தொங்கும் சின்ன மீட்டர், வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கி மாட்டியது. அதற்கும் வாரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வேகமாக ஓடினாலும் தப்பாக ஓடினாலும் வாரியம் வந்து சோதித்துத் தராது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்பதும் வாரியம் வைத்த விலை அல்ல.

சப் மீட்டர் வைப்பதில் தப்பில்லை. ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் இருந்தால், யார் எவ்வளவு எரித்தார்கள் என்று தெரிய வேறு வழியில்லை. வந்த பில்லை அந்த ரீடிங்படி பங்கு போட்டுக்கொள்வது நியாயம். வந்த பில்லுக்கு மேல் லாபம் வைத்து வாங்குவதுதான் பிரச்சினை. 2003 மின்சாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் மின்சார வணிகம் செய்யக் கூடாது என்கிறது. வாங்கி மறுபடி விற்பதைத்தான் அந்தச் சட்டம் வணிகம் என்று வரையறுக்கிறது. இதை எடுத்த எடுப்பில் வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். முதலில் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லைக் கையில் வாங்குங்கள்

இரண்டு விவரம் வேண்டும்: கட்டடத்துக்கு மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது, மொத்தம் எவ்வளவு பணம் வந்தது. வெள்ளை அட்டை இருந்தால், கணக்கெடுத்த தேதி, ரீடிங், யூனிட், தொகை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இல்லையென்றால் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியோ, பணம் கட்டிய ரசீதோ போதும். "அண்ணே, இந்தத் தடவ பில் எவ்வளவு வந்துச்சு, நானும் குறிச்சு வச்சுக்கறேன்" என்று சாதாரணமாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டிவிடுவார்கள். அவர் காட்டாவிட்டாலும் வாரிய மீட்டர் வாசலில்தான் இருக்கும். கணக்கெடுப்பவர் வரும் நாளில் அதன் ரீடிங்கைப் படம் எடுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். மொத்த யூனிட் கிடைத்துவிடும், தொகையை நீங்களே போட்டுவிடலாம்.

அதே நாளில் உங்கள் சப் மீட்டரையும் படம் எடுக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வீட்டுக்காரர் ஒன்றாம் தேதி வாடகையோடு சேர்த்து ரீடிங் எடுப்பார், வாரியம் பதினேழாம் தேதி எடுத்திருக்கும். தேதி ஒத்துப்போகாத இரண்டு கணக்கை ஒப்பிட்டால் வெயில் காலத்தில் பதினைந்து நாள் ஃபேனும் ஏசியும் உள்ளே வெளியே ஆகி, கணக்கே புரளும். அப்புறம் யார் சொல்வது சரி என்று காட்ட முடியாது.

கணக்கு

நான் போடுவது 2024 ஜூலையில் வந்த விலைப்படி, அரசு மானியம் கழித்து வீடுகள் கட்டும் தொகை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகும், 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45. விலை மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ளதை வைத்துப் போடுங்கள், வழி இதேதான்.

இப்போது ஒரு கட்டடம். கீழே வீட்டுக்காரர், மாடியில் இரண்டு போர்ஷன். இரண்டு மாதத்தில் வீட்டுக்காரர் 260 யூனிட், முதல் போர்ஷன் 220, இரண்டாவது 200. மொத்தம் 680.

முதல் 100-க்குப் பணமில்லை. அடுத்த 300 யூனிட் 4.70 வீதம் 1,410. அடுத்த 100 யூனிட் 630. அடுத்த 100 யூனிட் 840. மீதி 80 யூனிட் 9.45 வீதம் 756. மொத்த பில் 3,636 ரூபாய்.

மாடியில் இருப்பவர்கள் பத்து ரூபாய் வீதம் கொடுப்பது 2,200-ம் 2,000-மாக 4,200 ரூபாய். பில் முழுவதையும் அவர்களே கட்டி, மேலே 564 ரூபாயும் கொடுக்கிறார்கள். கீழே ஓடிய 260 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை.

நியாயமான பங்கு என்ன? 3,636-ஐ 680-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 5.35 ரூபாய் அளவில் வரும். 220 யூனிட் எரித்தவர் சுமார் 1,176 ரூபாய் தர வேண்டும், தந்தது 2,200.

வீட்டுக்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அது முழுக்கத் தவறும் அல்ல. "நாங்க மட்டும் இருந்தா ஐந்நூறு யூனிட் தாண்டாது. நீங்க வந்ததாலதானே மேல் ஸ்லாபுக்குப் போச்சு?" சரி, அவர் சொல்வதையே ஏற்றுக்கொண்டு போட்டுப் பார்ப்போம். அவருடைய 260 யூனிட் மட்டும் இருந்தால் பில் 517 ரூபாய்தான். 3,636-இல் 517 போக மீதி 3,119 முழுவதையும் மாடிக்காரர்களின் 420 யூனிட் மேல் போட்டாலும் யூனிட்டுக்கு 7.43 வரும், பத்து வராது. அவருக்கு எல்லாச் சலுகையும் கொடுத்து, நமக்கு எதுவும் இல்லாமல் போட்ட கணக்கு இது. ஆகவே இந்தக் கட்டடத்தில் பேச்சு 5.35-க்கும் 7.43-க்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். என் கருத்தில் 5.35-தான் சரி, ஏனென்றால் இலவச 100 யூனிட் அந்த இணைப்புக்கு உரியது, அதில் குடியிருக்கும் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் 6 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் நான் சண்டை போட மாட்டேன்.

தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்பி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் அளவில் ஆகும். அது வீட்டுக்காரரின் 260-இல் ஏறியிருந்தால், மூன்று வீட்டுக்கும் தலைக்கு 20 யூனிட் என்று நீங்களே முன்வந்து ஏற்றுக்கொள்ளுங்கள். 220 யூனிட்காரருக்கு 240 ஆகும், பங்கு சுமார் 1,283 ரூபாய். அவருக்குச் சேர வேண்டியதை நாமே எடுத்துச் சொன்னால், மீதிக் கணக்கையும் அவர் காது கொடுத்துக் கேட்பார்.

சப் மீட்டர் சரியாக ஓடுகிறதா

விலை சரியாகி, மீட்டர் தப்பாக ஓடினால் பயனில்லை. இரண்டு சோதனை போதும், இரண்டையும் நீங்களே செய்யலாம்.

உங்கள் போர்ஷனின் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். அது சிமிட்டக் கூடாது. மெயினை இறக்கிய பிறகும் சிமிட்டினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் வேறு ஏதோ இணைந்திருக்கிறது. மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு, சில வீடுகளில் மோட்டார். மோட்டார் ஓடும்போது மட்டும் சிமிட்டல் வேகமெடுத்தால் விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலும் இது வேண்டுமென்று செய்ததாக இருக்காது. எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டிய வயரில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

இரண்டாவது, வேகம். மீட்டர் முகத்தில் `3200 imp/kWh` என்பது போல எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை சிமிட்டும் என்று பொருள். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய எலக்ட்ரிக் கெட்டிலை மட்டும் போடுங்கள். அதன் அடியில் 1500 W என்று இருந்தால், ஒரு நிமிடத்தில் 80 முறை அளவில் சிமிட்ட வேண்டும். கண்ணால் எண்ணுவது கடினம், கைப்பேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள்.

80-க்குக் குறைவாக வந்தால் பதற வேண்டாம், மகிழவும் வேண்டாம். மின்னழுத்தம் குறைந்தால் கெட்டில் எடுக்கும் மின்சாரமும் குறையும். 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் எண்ணிக்கை 60-க்கு இறங்கிவிடும். கோடையில் மாலை நேரத்தில் இது சாதாரணம். வெவ்வேறு நாளில், காலையில் இரண்டு மூன்று முறை செய்தும் 95, 100 என்று வந்தால் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாற்றச் சொல்லுங்கள், பாதிச் செலவு நான் தருகிறேன் என்றும் சொல்லுங்கள்.

தீர்வு தனி இணைப்பில் இருக்கிறது

மேலே சொன்ன கட்டடத்தில் மூன்று வீட்டுக்கும் தனித்தனி வாரிய மீட்டர் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம், யாரும் 500-ஐத் தாண்டவில்லை. 220 யூனிட்டுக்கு 329 ரூபாய். 200 யூனிட்டுக்கு 235 ரூபாய். வீட்டுக்காரரின் 260-க்கு 517 ரூபாய். மூன்றும் சேர்ந்து 1,081. இதே 680 யூனிட் ஒரே இணைப்பில் 3,636.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். நான் செய்ததும் இதுதான். நியாயமாகப் பங்கு போட்டால் அவர் பங்கே 1,390 வரும், தனி இணைப்பு வாங்கினால் 517-தான். எங்கள் வீட்டுக்காரர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "வாடகைக்கு இருக்கறவங்க பேருல மீட்டர் போட்டா நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டேன்னு நிப்பாங்களே" என்றார். அவர் பயம் அதுதான், யூனிட் விலை அல்ல. மாடிக்கான இணைப்பையும் அவர் பெயரிலேயே வாங்கலாம், குடியிருப்பவர் பில்லை மட்டும் கட்டினால் போதும் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். குடி மாறினாலும் இணைப்பு மாறாது என்பதால் எனக்கும் இதுவே நல்ல ஏற்பாடாகப் படுகிறது.

ஒரே கதவு எண்ணில் இரண்டாவது இணைப்பு கொடுக்க வாரியம் பார்ப்பது, வீடுகள் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை. சுவர் வைத்துப் பிரித்து, தனி வாசலும் தனிச் சமையலறையும் இருக்கும் மாடி போர்ஷனுக்குச் சிக்கல் இருக்காது. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தால் கிடைக்காது. அங்கே பில்லைப் பங்கு போடுவது ஒன்றே வழி. விண்ணப்பம் வாரிய இணையதளத்தில் போடலாம்; புரியாத இடத்தை உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கேட்டால் சொல்வார்கள். வீட்டு வரி ரசீதும் வீட்டுக்காரரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

வயரிங் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய கட்டடங்களில் மூன்று போர்ஷனுக்கும் நியூட்ரல் வயர் ஒன்றாகவே ஓடும். மீட்டரை மட்டும் பிரித்து நியூட்ரலைப் பிரிக்காமல் விட்டால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டதும் அது அடிக்கடி விழுந்துகொண்டே இருக்கும். பழியை ஆர்சிசிபி மேல் போட்டு அதைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றவே கூடாது, அது உயிர் காக்கும் பொருள். நியூட்ரலைத்தான் பிரிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் எதற்கும் ஒப்பாவிட்டால்

தனி இணைப்பு உங்கள் பெயரில் வேண்டுமானால், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தர வேண்டும். அது தமிழ்நாடு மின் பகிர்மான விதிகளில் படிவம் 5. அவர் மறுத்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. நீங்கள் சட்டப்படி குடியிருக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரத்தோடு, தகராறால் வாரியத்துக்கு இழப்பு வந்தால் ஈடு செய்வதாகப் படிவம் 6-இல் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வழக்கமான வைப்புத்தொகையைப் போல இரு மடங்கு கட்டி விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின் இணைப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. வாரியம் பார்க்க வேண்டியது விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை எழுத்து ஒப்பந்தம். அது இல்லாமல் குடியிருந்தால் குடியிருப்பதைக் காட்டுவதே பெரும்பாடு. வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். கரண்டுக்கான தொகையை வாடகையோடு சேர்க்காமல் தனியாக அனுப்பி, குறிப்பில் யூனிட்டையும் மாதத்தையும் எழுதுங்கள். நான் வீட்டுக்காரருக்கு அனுப்பிய செய்தி இப்படி இருந்தது: "அண்ணே, வணக்கம். ஈபி ரீடிங் எடுத்த நாளில் நம்ம சப் மீட்டர் 4,312. போன தடவை 4,092. 220 யூனிட், மோட்டார் பங்கு 20, மொத்தம் 240. பில் 3,636, மொத்த யூனிட் 680. என் பங்கு 1,283 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். கணக்கில் ஏதும் தப்பு இருந்தால் சொல்லுங்கள்." கோபமான ஒரு சொல்கூட அதில் இல்லை. பின்னால் எந்த அதிகாரி பார்த்தாலும் அதுவே ஆதாரம்.

பேச்சு முற்றி, "கட்டலன்னா ஃப்யூஸைப் பிடுங்கிடுவேன்" என்ற கட்டத்துக்கு வந்தால் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி, மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசியச் சேவையை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். எந்த அலுவலகம் என்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனுவோடு ஒப்பந்தம், ரீடிங் படங்கள், பணம் அனுப்பிய விவரம், மேலே போட்டது போன்ற ஒரு பக்கக் கணக்கு இவற்றை வையுங்கள். தகராறு நடக்கும் காலத்திலும் உங்கள் நியாயமான பங்கை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள். ஒரு பைசாவும் தராமல் நிறுத்தினால், பாக்கி வைத்தவர் என்று கணக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

புதுச்சேரியிலிருந்து இங்கே வீடு மாறி வருபவர்களும், இங்கிருந்து அங்கே போகிறவர்களும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்சாரம் தருவது அரசின் மின்துறை, பில் மாதந்தோறும் வரும், ஸ்லாப் விலையும் படிவங்களும் வேறு. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுக்கும் வழி அங்கேயும் பொருந்தும். ஆனால் இங்கே சொன்ன எண்களை அங்கே கொண்டுபோய்ப் பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது.

கடைசியாக, காலி செய்யும் நாள். சாவியைக் கொடுக்கும் முன் சப் மீட்டரையும் வாரிய மீட்டரையும் ஒரே படத்திலோ அடுத்தடுத்தோ எடுத்து, வீட்டுக்காரருக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். அடுத்த பில் வர நாளாகும்; அதற்குள் அட்வான்ஸில் பத்து ரூபாய் வீதம் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது வழக்கம். போன பில்லின் சராசரி விலைப்படி கழித்துக்கொள்ளுங்கள், பில் வந்ததும் வித்தியாசத்தை நான் அனுப்பிவிடுகிறேன் என்று அந்தப் படத்தின் கீழேயே எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.